பைபேக் அறிவிப்புக்குப் பின் விலை நகர்கிறதா: ஒரு வர்த்தக விதியைச் சோதித்த பதிவு

ஒரு நிறுவனம் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கப்போவதாக அறிவித்தால், அறிவிப்பு நாளில் விலை ஏறுவது மட்டுமல்லாமல் அதன் பிறகும் பல மாதங்கள் மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும் என்ற கருத்து 30 ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. இக்கன்பெரி, லக்கோனிஷோக், வெர்மாலன் ஆகிய மூவர் 1995இல் வெளியிட்ட ஆய்வு, 1980 முதல் 1990 வரை அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட திறந்த சந்தை பைபேக்குகளை எடுத்துக்கொண்டு, அடுத்த நான்கு ஆண்டுகளில் அப்பங்குகள் ஒப்பீட்டுப் பங்குகளைவிடச் சராசரியாக 12.1 சதவீதம் கூடுதல் வருவாய் தந்ததாகக் கண்டது. இந்தியச் சந்தையில் இதே நகர்வு இருக்கிறதா, இருந்தால் பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடியும், வாங்குவோர் விலைக்கும் விற்போர் விலைக்கும் உள்ள இடைவெளியான ஸ்பிரெட்டும் போக எதுவாவது மிஞ்சுகிறதா என்பதைத் தேசியப் பங்குச் சந்தை, மும்பை பங்குச் சந்தை ஆகியவற்றின் அறிவிப்புகளைக் கொண்டு நானே சோதித்துப் பார்த்தேன். இந்தச் சோதனையின் விடை, எந்த நொடியை “அறிவிப்பு” என்று குறித்துக்கொள்கிறோம் என்பதைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. ஆகவே அந்த ஒரு விஷயத்துக்கே இப்பதிவில் அதிக இடம் தருகிறேன்.

இந்தியாவில் பைபேக் ஒரே நாளில் வெளிப்படும் செய்தி அல்ல. சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பட்டியலிடல் விதிகளின்படி, இயக்குநர் குழு பைபேக் பற்றிப் பரிசீலிக்கப் போகிறது என்றால் அந்தக் கூட்டத்துக்குக் குறைந்தது இரண்டு வேலை நாட்களுக்கு முன்பே நிறுவனம் சந்தைகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதன் பின் கூட்டத்தின் முடிவு வருகிறது. தேவைப்பட்டால் தபால் வாக்கெடுப்பின் மூலம் பங்குதாரர்களின் ஒப்புதல் பெறப்படுகிறது. பிறகு பத்திரிகைகளில் பொது அறிவிப்பு வருகிறது. கடைசியாகத்தான் நிறுவனம் உண்மையில் வாங்கத் தொடங்குகிறது. இணையத்தில் தொகுத்து வைக்கப்பட்டிருக்கும் பைபேக் பட்டியல்கள் பலவற்றில் “அறிவிப்புத் தேதி” என்ற பத்தியில் இருப்பது பெரும்பாலும் கூட்ட முடிவின் தேதி அல்லது பத்திரிகைப் பொது அறிவிப்பின் தேதி. சந்தை அந்தச் செய்தியை முதன்முதலில் கேட்டது அதற்குச் சில நாட்கள் முன்பு.

இன்ஃபோசிஸ் 2022இல் செய்த பைபேக்கை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். அந்த ஆண்டு அக்டோபர் 10 அன்று, 13ஆம் தேதிக் கூட்டத்தில் பைபேக் பரிசீலிக்கப்படும் என்ற முன்னறிவிப்பு வந்தது. 13ஆம் தேதி சந்தை முடிந்தபின் ரூ.9,300 கோடிக்குத் திறந்த சந்தை முறையில், பங்கு ஒன்றுக்கு அதிகபட்சமாக ரூ.1,850 வரை வாங்குவதாக முடிவு வெளியானது. பங்குதாரர் ஒப்புதலுக்குப் பிறகு டிசம்பர் 7 அன்று வாங்கத் தொடங்கி, 2023 பிப்ரவரி 13 அன்று முடித்தார்கள். ஒரே பைபேக்குக்கு மூன்று நேர்மையான தொடக்கத் தேதிகள் இருக்கின்றன. முதலாவதற்கும் கடைசியானதற்கும் ஏறக்குறைய இரண்டு மாத இடைவெளி.

அக்டோபர் 13 மாலையில் வந்த செய்தி பைபேக் மட்டுமல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே மாலை இரண்டாம் காலாண்டு முடிவுகள் வந்தன, ரூ.16.50 இடைக்கால டிவிடெண்ட் அறிவிக்கப்பட்டது, ஆண்டு வருவாய் வளர்ச்சிக்கான கணிப்பு 15 முதல் 16 சதவீதமாக உயர்த்தப்பட்டது, லாப விகிதத்துக்கான கணிப்பு குறைக்கப்பட்டது. மறுநாள் விலையில் தெரிந்த ஏற்றத்தில் பைபேக்கின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த வழியும் இல்லை. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பைபேக்கை அடிக்கடி காலாண்டு முடிவோடு சேர்த்தே அறிவிக்கின்றன. ஆகவே முடிவுகளோடு வந்த அறிவிப்புகளையும் தனியாக வந்த அறிவிப்புகளையும் தொடக்கத்திலேயே இரு குவியல்களாகப் பிரித்துவிட்டேன். லாபம் எதிர்பார்ப்பை மிஞ்சும்போது அதன் பின் விலை மெதுவாக ஏறுவது தனியே அறியப்பட்ட ஒன்று. இரண்டையும் கலந்து வைத்தால் அந்த நகர்வைப் பைபேக்கின் கணக்கில் எழுதிவிடுவோம்.

தரவைத் திரட்டுவதற்குச் சந்தைகளின் நிறுவன அறிவிப்புக் கோப்புகளையே அடிப்படையாகக் கொண்டேன், ஏனெனில் அவற்றில்தான் தேதியோடு மணி, நிமிடம், நொடியும் இருக்கிறது. அந்தக் கோப்புகளில் `buyback`, `buy-back`, `buy back` என்று மூன்று விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். மூன்றையும் தேடாவிட்டால் பல நிகழ்வுகள் விடுபடும். கிடைத்த வரிகளில் கணிசமானவை நிகழ்வே அல்ல: தினசரி எத்தனை பங்கு வாங்கினோம் என்ற அறிக்கைகள், தணிக்கையாளர் சான்றிதழ்கள், செய்தித்தாள் விளம்பரத்தின் நகல்கள் ஆகியவை. இவற்றை ஒவ்வொன்றாகப் படித்துத்தான் நீக்க முடிந்தது.

முன்னறிவிப்பின்பேரில் வாங்குவது விதி என்றால், கூட்டம் கூடியும் பைபேக்கை ஏற்காமல் தள்ளிப்போட்ட அல்லது கைவிட்ட நிறுவனங்களும் தரவில் இருந்தே தீர வேண்டும். முன்னறிவிப்பைக் கேட்டு வாங்கியவர், குழு ஒப்புக்கொள்ளும் என்று அப்போது அறிந்திருக்க முடியாது. நிறைவேறிய பைபேக்குகளின் பட்டியலிலிருந்து பின்னோக்கிப் போய் முன்னறிவிப்புத் தேதியைத் தேடினால், ஏமாற்றத்தில் முடிந்தவை எல்லாம் தாமாகவே மறைந்துபோய், விதி இருப்பதைவிட நல்லதாகத் தெரியும். அதே காரணத்தால், பின்னாளில் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட நிறுவனங்களின் விலைகளும் தேவை. இன்று வர்த்தகமாகும் பங்குகளின் பட்டியலை மட்டும் வைத்துத் தொடங்குவது போதாது.

வாங்கும் நாளைத் தீர்மானிக்கும் பகுதி சிறியது, ஆனால் சோதனை முழுவதும் அதன்மேல் நிற்கிறது. அறிவிப்பு காலை 9 மணிக்கு முன் வந்திருந்தால் அன்றைய தொடக்க விலை, அதற்குப் பின் எப்போது வந்திருந்தாலும் அடுத்த வர்த்தக நாளின் தொடக்க விலை என்று வைத்தேன். சந்தை நேரத்துக்குள் வந்த செய்தியை அன்றே பிடித்துவிட முடியும் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

```python
from datetime import time

def entry_day(px, stamp):
    day = stamp.normalize()
    if stamp.time() < time(9, 0):
        later = px.index[px.index >= day]
    else:
        later = px.index[px.index > day]
    return later[0] if len(later) else None
```

இதில் `px` என்பது தேதியை அட்டவணையாகக் கொண்ட விலைத் தொடர். `stamp` என்பது சந்தை பதிவுசெய்த நேரம். வருவாயைக் கணக்கிடப் போனஸ், பங்குப் பிரிப்பு ஆகியவற்றுக்குச் சரிசெய்த விலைகள் வேண்டும். பைபேக் விலையோடு ஒப்பிடும்போது சரிசெய்யாத விலைதான் வேண்டும். டிசிஎஸ் 2017இல் ரூ.2,850க்கும் 2018இல் ரூ.2,100க்கும் திரும்ப வாங்கியது. இடையில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் வந்ததால் முதல் விலையை இன்றைய அளவில் ரூ.1,425 என்று படிக்க வேண்டும். இதைக் கவனிக்காமல், பைபேக் விலை சந்தை விலையைவிட எவ்வளவு அதிகம் என்ற பிரீமியத்தைக் கணக்கிட்டால், 2017இன் பைபேக் விலை அன்றைய சந்தை விலையைப் போல இரு மடங்குக்கும் மேலாகத் தெரியும். பிரீமியம் 50 சதவீதத்தைத் தாண்டும் எந்த வரியையும் மூல ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

அடுத்து, டெண்டர் முறையையும் திறந்த சந்தை முறையையும் ஒரே கோப்பில் வைத்து ஒரே சராசரி எடுக்கக் கூடாது. டெண்டர் முறையில் நிறுவனம் ஒரு நிலையான விலையை அறிவித்து, ரெக்கார்டு தேதியன்று பங்கு வைத்திருப்பவர்களிடமிருந்து விகிதாசாரமாக வாங்குகிறது. அங்கே விலை ஏறுவதற்கு ஒரு வெளிப்படையான கணக்கு உண்டு. டிசிஎஸ் 2023 அக்டோபர் 11 அன்று ரூ.17,000 கோடிக்கு, பங்குக்கு ரூ.4,150 என்று அறிவித்தது. அப்போது சந்தை விலை ரூ.3,600ஐ ஒட்டி இருந்தது, ஆகவே பிரீமியம் 15 சதவீதம் அளவு. பார்ப்பதற்குப் பெரிய எண்தான், ஆனால் திரும்ப வாங்கப்படுபவை மொத்தப் பங்குகளில் 1.12 சதவீதம் மட்டுமே. 15ஐ 1.12 சதவீதத்தால் பெருக்கினால், சராசரிப் பங்கு ஒன்றுக்கு அந்தச் சலுகையின் மதிப்பு 0.17 சதவீதம், அதாவது சுமார் 6 ரூபாய். ரெக்கார்டு தேதிக்கு முன் விலையில் அந்த அளவு ஏறுவதும், தேதி கடந்தபின் இறங்குவதும் நகர்வு அல்ல. டிவிடெண்டுக்கு முன்னும் பின்னும் நடப்பதைப் போன்ற ஒன்று.

ரூ.2 லட்சத்துக்கு மிகாமல் பங்கு வைத்திருக்கும் சிறு பங்குதாரர்களுக்கு 15 சதவீதம் ஒதுக்கீடு இருப்பதால், கொடுக்க முன்வந்த பங்குகளில் நிறுவனம் வாங்கிக்கொள்ளும் பங்கான ஏற்பு விகிதம் அவர்களுக்குப் பல மடங்கு அதிகமாகக் கிடைப்பதுண்டு. அது உண்மையான வருவாய்தான், ஆனால் ஒரு கணக்குக்கு ரூ.2 லட்சம் என்ற எல்லைக்குள் அடங்கிய தனி விளையாட்டு. 2024 அக்டோபர் 1 முதல் பைபேக்கில் கிடைக்கும் முழுத் தொகையும் டிவிடெண்டாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படுத்தப்பட்டபோது, அதிக வரி வரம்பில் இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கும் தலைகீழானது. அறிவிப்புக்குப் பிந்தைய நகர்வைச் சோதிக்க வந்த எனக்கு, டெண்டர் குவியலை ஒரு கட்டுப்பாட்டுக் குழுவாக மட்டுமே பயன்படுத்துவது சரியாகப் பட்டது.

நகர்வுக்கு இயல்பான காரணம் திறந்த சந்தை முறையில்தான் இருக்கிறது, ஏனெனில் அங்கே நிறுவனம் பல வாரங்களுக்குச் சந்தையில் நின்று வாங்குகிறது. இன்ஃபோசிஸ் எடுத்துக்காட்டில், ரூ.9,300 கோடியை 48 வர்த்தக நாட்களில் செலவழித்தால் நாளொன்றுக்குச் சுமார் ரூ.194 கோடி. ஆனால் இங்கே பலரும் தவறாகப் படிக்கும் ஒரு எண் இருக்கிறது. ரூ.1,850 என்பது அதிகபட்ச விலை; அந்த விலையில் வாங்குவதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. நிறுவனம் தினந்தோறும் வாங்கிய அந்த வாரங்களில்கூட விலை அதன் அருகில் போகவில்லை. அதிகபட்ச விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளியைப் “பிரீமியம்” என்று கொண்டு பங்குகளைத் தரவரிசைப்படுத்தும் விதிகளை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். டெண்டர் விலையும் இந்த உச்சவரம்பும் ஒரே பத்தியில் இருக்கும் எந்தத் தரவுத் தொகுப்பும் பயன்படாது.

விதிமுறைகள் மாறிக்கொண்டே வந்ததும் தரவைப் பல துண்டுகளாக்குகிறது. 2023க்கு முன் திறந்த சந்தை முறையில் ஆறு மாத அவகாசமும், அறிவித்த தொகையில் பாதியைச் செலவழித்தால் போதும் என்ற ஏற்பாடும் இருந்தன. 2023இல் செபி அந்தக் குறைந்தபட்சத்தை 75 சதவீதமாக்கி, காலத்தையும் 66 வேலை நாட்களாகச் சுருக்கியது. முந்தைய பத்து வர்த்தக நாட்களின் சராசரி வர்த்தகத்தில் 25 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் வாங்கக் கூடாது, சந்தையின் முதல் அரை மணியிலும் கடைசி அரை மணியிலும் ஆணை இடக் கூடாது, கடைசி வர்த்தக விலையிலிருந்து ஒரு சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்ற கட்டுப்பாடுகளும் வந்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில் அளவைக் குறைத்து, 2025 ஏப்ரல் 1 முதல் சந்தை வழி வாங்கும் முறையையே நிறுத்தியது. இன்ஃபோசிஸ் அந்த ஆண்டு ரூ.18,000 கோடிக்கு, பங்குக்கு ரூ.1,800 என்று அறிவித்த பைபேக் டெண்டர் முறையில் வந்தது அதனால்தான். ஆகவே எந்தக் குவியலில் நகர்வு இருக்க வாய்ப்பு அதிகமோ, அந்தக் குவியல் 2025 மார்ச்சோடு முடிந்துபோன வரலாற்றுத் தரவு.

எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முடிவை மாற்றும். 2017இல் டிசிஎஸ், எச்சிஎல் டெக்னாலஜிஸ், விப்ரோ, இன்ஃபோசிஸ் ஆகிய நான்கும் சில மாத இடைவெளியில் பைபேக் அறிவித்தன. நிஃப்டி 50ஐ மட்டும் கழித்தால், அந்தத் துறை முழுவதும் ஏறியதோ இறங்கியதோ நான்கு தனித்தனிச் சான்றுகளாக எண்ணப்படும். நான் துறைக் குறியீட்டையும், சந்தை மதிப்பிலும் புத்தக மதிப்பு விகிதத்திலும் நெருக்கமாக உள்ள ஒப்பீட்டுப் பங்குகளையும் தனித்தனியே கழித்துப் பார்த்தேன். பைபேக் அறிவிப்பவை அறிவிப்புக்கு முன் விலை இறங்கிய, மலிவான பங்குகளாக இருப்பது வழக்கம் என்பதால், மலிவான பங்குகளோடு ஒப்பிடாமல் கிடைக்கும் கூடுதல் வருவாயைப் பைபேக்கின் விளைவு என்று சொல்ல முடியாது. 1995 ஆய்விலேயே நகர்வின் பெரும் பகுதி புத்தக மதிப்போடு ஒப்பிட மலிவாக இருந்த பங்குகளில்தான் காணப்பட்டது. அங்கே நான்காண்டுக் கூடுதல் வருவாய் 45.3 சதவீதம்.

இத்தனையையும் செய்தபின் கிடைத்த சித்திரத்தைச் சொல்கிறேன். முன்னறிவிப்புக்கு முந்தைய நாள் முடிவிலிருந்து கூட்ட முடிவு வரை அளந்தால் எல்லாக் குவியல்களிலும் தெளிவான ஏற்றம் தெரிகிறது, ஆனால் அதன் பெரும் பகுதி முன்னறிவிப்புக்கு அடுத்த நாளின் தொடக்க விலையிலேயே முடிந்துவிடுகிறது. எந்த விதியாலும் அதை வாங்க முடியாது. அந்தத் தொடக்க விலையில் வாங்கிக் கூட்டம் வரை வைத்திருந்தால் சராசரி ஏறக்குறைய பூஜ்யம், கைவிடப்பட்ட பைபேக்குகள் இடப்பக்கம் ஒரு நீண்ட வாலைத் தருகின்றன. கூட்டத்துக்குப் பின் 60 வர்த்தக நாட்கள் வைத்திருந்தால், திறந்த சந்தைக் குவியலில் மட்டும், அதிலும் சிறிய நிறுவனங்களில் மட்டும், ஒரு மெல்லிய ஏற்றம் காணப்படுகிறது. பெரிய நிறுவனங்களில் துறைக் குறியீட்டைக் கழித்தபின் ஒன்றும் இல்லை. சிறிய நிறுவனங்களிலும் சராசரி நேர்மறையாக இருக்க, நடுமம் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. அதாவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில பங்குகள்தான் சராசரியைத் தூக்கிப் பிடிக்கின்றன.

அந்த மெல்லிய ஏற்றத்தை நம்பலாமா என்பதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். ஒரு பங்கின் 60 நாள் ஒப்பீட்டு வருவாயின் திட்ட விலக்கம் 14 சதவீதம் என்றும், நிகழ்வுகள் 100 என்றும் வைத்துக்கொள்வோம். அவை ஒன்றையொன்று சாராதவை என்றால் சராசரியின் பிழை 1.4 சதவீதம், 95 சதவீத நம்பிக்கை எல்லை இரு பக்கமும் 2.7 சதவீதம். ஆனால் பைபேக்குகள் சந்தை வீழ்ந்த மாதங்களிலும் முடிவுகள் வரும் வாரங்களிலும் கூட்டமாக வருகின்றன. அவை உண்மையில் 40 தனித்த நிகழ்வுகளுக்குத்தான் சமம் என்றால் பிழை 2.2 சதவீதமாகி, எல்லை இரு பக்கமும் 4.3 சதவீதமாகிறது. இரண்டு அல்லது மூன்று சதவீத நகர்வு உண்மையிலேயே இருந்தாலும் இந்த அளவு தரவால் அதைப் பூஜ்யத்திலிருந்து பிரித்துக் காட்ட முடியாது. அதனால் நிகழ்வு வாரியான சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு நாளும் அப்போது 60 நாள் காலத்துக்குள் இருக்கும் பங்குகளைச் சம எடையில் வைத்த ஒரே போர்ட்ஃபோலியோவின் தினசரி வருவாயைக் கணக்கிட்டுச் சோதித்தேன். ஒரே வாரத்தில் பத்து அறிவிப்புகள் வந்தாலும் இம்முறையில் அவை பத்துச் சான்றுகளாக எண்ணப்படுவதில்லை. அப்படி அளந்தபோது செலவைக் கழிப்பதற்கு முன்பே நம்பிக்கை எல்லைக்குள் பூஜ்யம் வந்துவிட்டது.

செலவைப் பொறுத்தவரை சட்டப்படியான கட்டணங்கள் எளிதில் கணக்கிடக்கூடியவை. டெலிவரி முறையில் வாங்கும்போதும் விற்கும்போதும் எஸ்டிடி தலா 0.1 சதவீதம், வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், சந்தைக் கட்டணம் ஒவ்வொரு பக்கமும் சுமார் 0.003 சதவீதம். ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கி விற்றால், தரகும் டீமேட் கட்டணமும் சேராமல், ரூ.221 அளவு ஆகிறது, அதாவது 0.22 சதவீதம். பெரிய பங்குகளில் ஸ்பிரெட்டும் நம் ஆணையால் விலை தள்ளப்படுவதும் சேர்ந்தாலும் அரை சதவீதத்துக்குள் முடியும்.

சிறிய பங்குகளில் நிலைமை வேறு. ரூ.100 மதிப்புள்ள பங்குக்கு வாங்குவோர் ரூ.99.70, விற்போர் ரூ.100.30 என்று நின்றால், போக வர 0.6 சதவீதம் போய்விடுகிறது. அன்றைய வர்த்தகத்தில் 5 சதவீதம் அளவுக்கு நாம் ஆணை இடுகிறோம், பங்கின் தினசரி ஏற்ற இறக்கம் 3 சதவீதம் என்றால், வழக்கமான வர்க்கமூல மதிப்பீட்டின்படி ஒவ்வொரு பக்கமும் 0.67 சதவீதம் விலை நமக்கு எதிராக நகரும். மொத்தம் 0.22, 0.6, 1.34 என்று கூட்டினால் 2.16 சதவீதம். நகர்வு தென்பட்ட ஒரே குவியலில் செலவு இவ்வளவு. ஆணையை 1 சதவீதமாகக் குறைத்தால் நகர்த்தும் செலவு போக வர 0.6 சதவீதமாகி மொத்தம் 1.42 சதவீதத்துக்கு இறங்கும், ஆனால் போடக்கூடிய பணமும் ஐந்தில் ஒன்றாகிவிடும். மேலும் கம்பெனியே அந்நாளின் வர்த்தகத்தில் கால் பங்கை வாங்கிக்கொண்டிருக்கும் பங்கில், அதே பக்கத்தில் நாமும் நிற்கிறோம் என்பதால், வாங்கும்போது இந்த மதிப்பீடு குறைத்தே காட்டுகிறது; விற்கும் நாளில், பைபேக் முடிந்து அந்தப் பெரிய வாங்குபவர் போன பிறகு, ஸ்பிரெட் அகலமாகவே இருக்கும். வெளியேறும் நாளைப் பைபேக் முடிவதற்கு முன்பே வைத்தால் இது சற்றுக் குறைகிறது. ஆனால் நிறுவனம் எப்போது முடிக்கும் என்பது முடிக்கும் வரை தெரியாது. தினசரி வாங்கிய அளவை அவர்கள் தெரிவிக்கும் அறிக்கைகளைக் கூட்டி, அறிவித்த தொகையில் 75 சதவீதத்தைத் தொட்டதும் விற்பது என்று ஒரு மாற்று விதியையும் ஓட்டினேன். சிறு நிறுவனக் குவியலில் அது 60 நாள் வைத்திருக்கும் அடிப்படை விதியைவிட மேலாக இருந்தது, ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிழை எல்லையைவிடச் சிறியது. குறுகிய கால மூலதன ஆதாயத்துக்கு 2024 ஜூலை 23 முதல் உள்ள 20 சதவீத வரியை நான் எந்த எண்ணிலும் சேர்க்கவில்லை.

இதே சோதனையை வேறு யாராவது செய்து நல்ல லாபம் தெரிகிறது என்றால், முதலில் வாங்கும் விலையை ஒரு நாள் தள்ளி மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். உண்மையான மெதுவான நகர்வு 60 நாட்களில் பரவியிருப்பதால், ஒரு நாள் தாமதத்தில் அதன் அறுபதில் ஒரு பங்குதான் குறைய வேண்டும். லாபத்தில் பாதி மறைந்தால், அளந்தது அறிவிப்பு நாளின் தாவலே. அதற்குப் பின் மிகச் சிறந்த ஐந்து நிகழ்வுகளை நீக்கிவிட்டு மீண்டும் ஓட்ட வேண்டும். இவ்விரண்டு சோதனைகளுக்குப் பிறகும் எண் நேர்மறையாக இருந்தால்தான் ஒப்பீட்டுப் பங்குகளைத் திருத்துவதிலும் செலவு மாதிரியை நுணுக்கமாக்குவதிலும் நேரத்தைச் செலவிடலாம். என் தரவில் அடிப்படை விதி முதல் சோதனையைத் தாண்டியது, இரண்டாவதில் நின்றுவிட்டது. இப்போது கோப்பில் டெண்டர் குவியல் மட்டும்தான் புதிதாக வளர்கிறது. அதில் முடிவுகளோடு சேராமல் வந்த முன்னறிவிப்புகளை மட்டும், வாங்காமல், தேதியும் தொடக்க விலையும் குறித்துவைத்து வருகிறேன்.